எஃப்.டி.யை உடைப்பதா, அதன் மேல் கடன் வாங்குவதா? வட்டி தீர்மானிக்கப்படும் விதமும் கணக்கும்

2025 பிப்ரவரியிலிருந்து ஜூன் வரையிலான காலத்தில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியாகிய ரெப்போ விகிதத்தை மூன்று தவணைகளில் 6.50 சதவீதத்திலிருந்து 5.50 சதவீதமாகக் குறைத்தது. அதைத் தொடர்ந்து வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு மாதத் தவணையோ தவணைக் காலமோ குறைந்தது. ஆனால் தங்கள் வைப்புத் தொகையை ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருந்தவர்கள் கணக்கைப் பார்த்தபோது, வட்டி பழையபடியே நின்றது. 'எல்லாக் கடனுக்கும் குறைந்திருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இல்லை?' என்ற கேள்வி வங்கிக் கிளைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. வங்கி ஏமாற்றவில்லை, இந்தக் கடனின் வட்டி ரெப்போவோடு கட்டப்பட்டதே இல்லை. எதனோடு கட்டப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால்தான், அவசரத்துக்குப் பணம் தேவைப்படும்போது எஃப்.டி.யை உடைப்பதா, அதன் மேல் கடன் வாங்குவதா என்ற முடிவையும் சரியாக எடுக்க முடியும்.

உடைத்தால் வங்கி எப்படிக் கணக்கிடுகிறது

எஃப்.டி.யை முதிர்வுக்கு முன் முடித்தால், 'ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டு மீதி வட்டியைத் தருவார்கள்' என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இழப்பு அதைவிடப் பெரிதாக இருக்கலாம், ஏனெனில் கணக்கில் இரண்டு படிகள் உள்ளன.

1. ஒப்புக்கொண்ட வட்டி விகிதம் முதலில் கைவிடப்படும். பணம் வங்கியில் உண்மையில் எத்தனை நாள் இருந்ததோ, அந்தக் கால அளவுக்கு, வைப்புத் தொடங்கிய நாளில் வங்கி அறிவித்திருந்த விகிதம் எடுத்துக்கொள்ளப்படும். ஐந்தாண்டுக்கு 7 சதவீதம் என்று போட்ட வைப்பை நான்கு மாதத்தில் எடுத்தால், அன்றைய நான்கு மாத வைப்புக்கான விகிதமே பொருந்தும்; அது 5.5 சதவீதமாக இருந்திருக்கலாம்.

2. அந்தக் குறைந்த விகிதத்திலிருந்துதான் அபராதம் கழிக்கப்படும். வங்கியைப் பொறுத்தும் தொகையைப் பொறுத்தும் இது பெரும்பாலும் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ இருக்கும்.

அபராதம் ஒப்பந்த விகிதத்திலிருந்து கழிவதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 7 சதவீதம் 6 ஆகாது, 4.5 ஆகிவிடும். மறுபுறம், மூன்றாண்டு வைப்பை இரண்டரை ஆண்டில் முடிப்பவருக்கு, இரண்டு முதல் மூன்று ஆண்டுக்கான விகிதமும் மூன்றாண்டு விகிதமும் அருகருகே இருப்பதால், முதல் படியில் இழப்பு சிறிதாகவே இருக்கும். ஆனால் அவருக்கு அந்தக் குறைந்த விகிதம் கடந்துபோன இரண்டரை ஆண்டு முழுமைக்கும் பின்னோக்கிப் பொருந்தும். ஆகவே வைப்புப் பழையதாக ஆக, உடைப்பதால் போகும் ரூபாய் கூடிக்கொண்டே போகிறது. இந்த ஒரு போக்கு பின்னால் வரும் கணக்குகள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது.

வைப்பின் மேல் கடன் என்றால் என்ன

வைப்பு அப்படியே இருக்கும். அதன் வட்டியும் ஒப்புக்கொண்ட விகிதத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். வங்கி அந்த வைப்பின் மேல் 'லீன்' எனப்படும் பிடிமானத்தைப் பதிந்துகொண்டு, அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகத் தரும். பொதுவாக 85 முதல் 95 சதவீதம் வரை கிடைக்கும். விடப்படும் மீதி 'மார்ஜின்' எனப்படும். காகித ரசீது இருந்தால், அதன் பின்பக்கத்தில் வைப்பாளர் கையெழுத்திட்டு வங்கியிடம் ஒப்படைக்க வேண்டும். இதைக் கிளைகளில் 'டிஸ்சார்ஜ் செய்து தருவது' என்பார்கள். கூட்டு வைப்பாக இருந்தால் பெயர் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். இணைய வங்கி வழியே போட்ட வைப்புக்குப் பல வங்கிகளில் கிளைக்குப் போகாமலே இதை முடித்துவிடலாம். சம்பளச் சான்றோ கடன் மதிப்பெண்ணோ பொதுவாகத் தடையாக வருவதில்லை, ஏனெனில் ஈடு வங்கியின் கையிலேயே இருக்கிறது.

கடன் இரண்டு வடிவங்களில் வரும். மொத்தத் தொகையையும் ஒரே முறையில் கொடுத்துவிடுவது 'டிமாண்ட் லோன்'. அதில் முழுத் தொகைக்கும் முதல் நாளிலிருந்து வட்டி ஓடும். வரம்பு மட்டும் நிர்ணயித்துவிட்டு, தேவைப்படும்போது தேவைப்படும் அளவு எடுத்துக்கொள்ள விடுவது ஓவர்டிராஃப்ட். அதில் ஒவ்வொரு நாளும் எடுத்து நிற்கும் தொகைக்கு மட்டுமே வட்டி. மருத்துவமனைச் செலவு போல மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரியாத தேவைகளுக்கு ஓவர்டிராஃப்ட்டே பொருந்தும். மூன்று லட்ச ரூபாய் வரம்பில் ஒரு லட்சத்தை மட்டும் நாற்பது நாள் எடுத்து வைத்திருந்தால், 8 சதவீத வட்டியில் ஆகும் செலவு ஏறத்தாழ 877 ரூபாய்தான்.

ஒரு விதிவிலக்கை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 80சி பிரிவின் கீழ் வரிச்சலுகைக்காகப் போடப்படும் ஐந்தாண்டு வைப்பை ஈடாக வைக்க முடியாது. வைப்பாளர் உயிரோடு இருக்கும் வரை முன்கூட்டியே முடிக்கவும் முடியாது. அது இந்தக் கட்டுரையின் கணக்குக்குள் வரவே வராது.

வட்டி எங்கிருந்து வருகிறது

வைப்பின் மேலான கடனுக்கு வட்டி நிர்ணயிக்கும் சூத்திரம் எளியது: அந்த வைப்புக்கு வங்கி உங்களுக்குத் தரும் விகிதம், அதோடு ஒரு கூடுதல். பல வங்கிகளில் இந்தக் கூடுதல் 1 சதவீதம்; அரை சதவீதம் முதல் 2 சதவீதம் வரை வேறுபடலாம். வைப்பு 7 சதவீதம் என்றால் கடன் 8 சதவீதம். மூத்த குடிமக்களுக்கு வைப்பில் அரை சதவீதம் கூடுதலாகக் கிடைப்பதால், அவர்களுடைய கடன் 8.5 சதவீதமாக வரும். 'முதியவருக்கு ஏன் அதிக வட்டி?' என்று சிலர் வருத்தப்படுகிறார்கள்; அவர்கள் பெறுவதும் அதே அளவு அதிகம் என்பதால் இடைவெளி மாறவில்லை.

ஏன் ரெப்போவோடு இதைக் கட்டவில்லை? 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டிச் சில்லறைக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதற்கு முன் 2016 ஏப்ரலில் வந்த எம்.சி.எல்.ஆர். முறையில், வங்கியின் நிதிச் செலவை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட விகிதத்துக்குக் கீழே கடன் தரக் கூடாது என்பது பொது விதி. ஆனால் வைப்பாளர் தம் சொந்த வைப்பின் மேல் வாங்கும் கடனுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு.

விலக்குக்கு நியாயமான காரணம் இருக்கிறது. வீட்டுக்கடன் தரும்போது, அந்தப் பணம் எந்த வைப்பிலிருந்து வந்தது, அதற்கு என்ன செலவாகிறது என்று வங்கியால் ஒன்றுக்கு ஒன்று பொருத்திக் காட்ட முடியாது. அதனால் ஏதோ ஒரு சராசரியோ வெளி அளவுகோலோ தேவைப்படுகிறது. இங்கே அந்தச் சிக்கல் இல்லை. எதிரில் நிற்கும் வைப்புக்கு வங்கி 7 சதவீதம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் செலவுக்கு மேல் வங்கிக்கு வேண்டியது எழுத்து வேலைக்கும் சிறு லாபத்துக்குமான கூடுதல் மட்டுமே. கடன் திரும்பாது என்ற அச்சத்துக்காகக் கூட்டப்படும் பங்கும் ஏறக்குறைய இல்லை: ஈடு பணமாகவே, அதுவும் அந்த வங்கியிலேயே இருப்பதால், கடன் இடருக்காக வங்கி ஒதுக்கி வைக்க வேண்டிய மூலதனத்தின் கணக்கில் அந்த அளவுக்கு இடர் நீங்கியதாகவே கொள்ளப்படுகிறது. போதிய மார்ஜின் இருக்கும் வரை, தவணை தவறினாலும் இத்தகைய கடனை வாராக்கடனாக வகைப்படுத்த வேண்டியதில்லை என்றும் ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. தனிநபர் கடனுக்கும் இதற்கும் வட்டியில் பல சதவீதம் இடைவெளி இருப்பதன் காரணம் இதுதான்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும், வைப்பின் விகிதம் மாறாத வரை கடனின் விகிதமும் மாறாது. பழைய உயர்ந்த விகிதத்தில் வைப்புப் போட்டவரின் கடன் வட்டி, விகிதங்கள் குறைந்த காலத்தில் வீட்டுக்கடன் வட்டியைவிட அதிகமாகவே தெரியலாம். ஆனால் அவர் அந்த உயர்ந்த விகிதத்தைப் பெற்றுக்கொண்டும் இருக்கிறார்.

2. வைப்பு முதிர்ந்து தானாகப் புதுப்பிக்கப்பட்டு, கடனும் தொடர்ந்தால், புதிய வைப்பு விகிதத்தின் மேல் புதிய கடன் விகிதம் கணக்கிடப்படும். வட்டி மாறும் தருணம் அது ஒன்றுதான்.

3. இந்த ஏற்பாடு சொந்த வைப்புக்கே. கடன் வாங்குபவர் பெயரில் தனியாகவோ கூட்டாகவோ வைப்பு இருக்க வேண்டும். கூட்டாளி நிறுவனத்தின் பங்காளி, தனி உரிமையாளர், மைனருக்காக அவர் நன்மைக்கே கடன் வாங்கும் காப்பாளர் ஆகியோரும் இதில் அடங்குவர். தம்பியின் வைப்பை ஈடு வைத்து அண்ணன் கடன் வாங்கினால் அது மூன்றாம் நபர் வைப்பின் மேலான கடன். அங்கே கூடுதல் விகிதமும் மார்ஜினும் உயரும்.

அந்த 1 சதவீதம் உண்மையில் எவ்வளவு

'8 கொடுத்து 7 வாங்குகிறேன், எனக்கு ஆகும் செலவு 1 சதவீதம்தான்' என்ற கணக்கு கேட்பதற்கு இனிமையானது; பாதி உண்மையானது. இரண்டு திருத்தங்கள் தேவை.

முதலாவது சிறியது. வைப்புக்கு வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை அசலோடு சேர்கிறது; கடனுக்குப் பொதுவாக மாதந்தோறும் சேர்கிறது. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் 7 சதவீத வைப்பு 7.19 சதவீதமாகவும், 8 சதவீதக் கடன் 8.30 சதவீதமாகவும் ஆகின்றன. இடைவெளி 1 அல்ல, 1.11.

இரண்டாவது பெரியது: வருமான வரி. வைப்பு வட்டி முழுவதும் உங்கள் வருமானத்தில் சேர்ந்து, உங்கள் வரி அடுக்கில் வரி கட்டப்பட வேண்டியது. கடனுக்குக் கட்டிய வட்டியை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாமா? வைப்பு வட்டிக்கு எதிராக அதே வைப்பின் மேல் வாங்கிய கடனின் வட்டியைக் கழித்து, மிஞ்சியதை மட்டும் வருமானமாகக் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கடன், வைப்பு வட்டியைச் சம்பாதிப்பதற்காக வாங்கப்பட்டதல்ல; வைப்பு ஏற்கெனவே இருந்தது என்பது அதன் தருக்கம். கடன் பணம் தொழிலில் இறங்கியிருந்தால், அதன் வட்டியைத் தொழில் செலவாகக் காட்டுவது வேறு கதை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டுச் செலவுக்கோ வாங்கிய கடனில் அந்த வழி இல்லை.

எனவே 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு, செஸ் நீங்கலாக, 7 சதவீத வைப்பு கையில் தருவது 4.9 சதவீதம், அவர் கட்டுவது 8 சதவீதம். உண்மையான இடைவெளி 3.1 சதவீதம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ஓய்வூதியருக்கு அது 1 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். ஒரே வங்கியில், ஒரே விகிதத்தில், ஒரே நாளில் கடன் வாங்கிய இருவருக்கு இதன் விலை மூன்று மடங்கு வேறுபடுகிறது என்பதை விளம்பரத் தாள்கள் சொல்வதில்லை. இந்த விஷயத்தில் அதிகம் தவறவிடப்படும் உண்மை இதுதான் என்பது என் கருத்து.

முதல் கணக்கு: முதிர்வுக்கு ஆறு மாதம் இருக்கையில்

விகிதங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. 5,00,000 ரூபாய், மூன்றாண்டு, 7 சதவீதம், மூன்று மாதக் கூட்டு வட்டி. முதிர்வில் 6,15,720 ரூபாய் வரும். இரண்டரை ஆண்டு முடிந்த நிலையில் 3,00,000 ரூபாய் தேவைப்படுகிறது.

*உடைத்தால்:* இரண்டு முதல் மூன்று ஆண்டுக்குள்ளான விகிதம் வைப்பு தொடங்கிய நாளில் 6.8 சதவீதம்; அபராதம் 1 சதவீதம். ஆக 5.8 சதவீதத்தில் கணக்கிட்டு 5,77,418 ரூபாய் கையில் வரும். ஒப்பந்த விகிதத்தில் அன்றைக்கு 5,94,722 ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும். ஆக ஒரே நாளில் 17,304 ரூபாய் போய்விடுகிறது. மூன்று லட்சத்தைச் செலவழித்து, மீதி 2,77,418 ரூபாயை ஆறு மாதத்துக்கு 6 சதவீதத்தில் மறுபடி போட்டால், இறுதியில் 2,85,803 ரூபாய் இருக்கும்.

*கடன் வாங்கினால்:* 3,00,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில், மாதந்தோறும் வட்டி சேர்ந்து, ஆறு மாதத்தில் 12,202 ரூபாய் வட்டி. முதிர்வுத் தொகையான 6,15,720 ரூபாயிலிருந்து 3,12,202 ரூபாயை வங்கி பிடித்துக்கொண்டு 3,03,518 ரூபாய் தரும்.

வேறுபாடு 17,715 ரூபாய், கடன் வாங்கியவருக்குச் சாதகமாக. 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு, கடன் வழியில் கூடுதலாக வரும் 29,917 ரூபாய் வட்டி வருமானத்துக்கு 8,975 ரூபாய் வரி போனாலும், 8,740 ரூபாய் மிஞ்சுகிறது. இடையில் ஒரு ரூபாய்கூடத் தவணை கட்டாமல், முதிர்வில் நேர் செய்துகொள்வதாகவே இந்தக் கணக்கு போடப்பட்டது. முதிர்வை நெருங்கிய வைப்பை உடைப்பது, வரி அடுக்கு எதுவாயினும், பெரும்பாலும் நட்டத்திலேயே முடியும்.

இரண்டாம் கணக்கு: போட்டு நான்கே மாதமான வைப்பு

அதே 5,00,000 ரூபாய், ஆனால் ஐந்தாண்டுக்கு 7 சதவீதம். நான்கு மாதம் ஆகியிருக்கிறது. தேவை 4,00,000 ரூபாய்.

உடைத்தால் 7 சதவீதத்தில் சேர்ந்திருக்க வேண்டிய 11,667 ரூபாய்க்குப் பதிலாக 4.5 சதவீதத்தில் 7,500 ரூபாய் கிடைக்கும். இழப்பு 4,167 ரூபாய், ஒரே முறை. கடன் வாங்கினால், 4,00,000 ரூபாயின் மேல் ஆண்டுக்கு 1 சதவீதம், அதாவது மாதம் 333 ரூபாய் நிகரச் செலவு. வகுத்துப் பார்த்தால் பன்னிரண்டரை மாதம் வரும். வரி இல்லாதவருக்கு, ஓராண்டுக்குள் கடனை அடைக்க முடியுமானால் கடன். அதைத் தாண்டுமானால் உடைப்பு.

30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு இழப்பு வரிக்குப் பின் 2,917 ரூபாய். கடனின் நிகரச் செலவு 3.1 சதவீதத்தில் மாதம் 1,033 ரூபாய். மூன்றே மாதத்துக்குள் கணக்கு திரும்பிவிடுகிறது.

எல்லோரும் தமக்குப் போட்டுக்கொள்ளக்கூடிய கணக்கும் இதுவே: உடைத்தால் போகும் ரூபாயை, கடனுக்கு மாதம் ஆகும் நிகர ரூபாயால் வகுக்க வேண்டும். வரும் எண், கடனோடு நீங்கள் தாக்குப்பிடிக்கலாகும் மாதங்கள். உடைத்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பல வங்கிகளின் இணையப் பக்கத்தில் முடிக்கும் பொத்தானை உறுதி செய்வதற்கு முன்பே பார்க்கலாம். கிளையில் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பவும் கூடாது, ஏனெனில் அதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. உடைத்தவர் ஓராண்டு கழித்து அந்த நான்கு லட்சத்தைத் திரும்ப வைப்பில் போட வரும்போது விகிதம் 6 சதவீதமாகக் குறைந்திருந்தால், ஐந்தாண்டு முடிய மீதமுள்ள 44 மாதங்களுக்கும் ஆண்டுக்கு ஒரு சதவீதம் இழக்கிறார். வட்டிக்கு வட்டியை விட்டாலும் அது 14,000 ரூபாய்க்கு மேல். கடன் வாங்கியவரின் வைப்போ 7 சதவீதத்திலேயே நிற்கிறது. இதைச் சேர்த்தால் வரி இல்லாதவருக்குக் கடனே தெளிவாக மேல். 30 சதவீத அடுக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம். விகிதங்கள் இறங்குமுகமாக இருந்த 2025 போன்ற ஆண்டில் இந்தக் கூறுக்கு எடை அதிகம். ஏறுமுகமான காலத்தில் இதுவே உடைப்பதற்குச் சாதகமாகத் திரும்பும். ஆயினும் பணம் திரும்பி வரும் என்பது உறுதியாக இருந்தால்தான் இந்த வாதத்துக்கு இடமே உண்டு. திருப்பிக் கட்ட வழியே தெரியாத செலவுக்கு, புதிய வைப்பின் மேல் கடன் வாங்கி ஐந்தாண்டு இழுப்பது, தன் பணத்தைத் தானே வாடகைக்கு எடுப்பதுதான்.

பல வைப்புகள் இருந்தால் எதை ஈடு வைப்பது

எல்லா வைப்புக்கும் கூடுதல் அதே 1 சதவீதம் என்பதால் எதை வைத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். வரி கட்டாதவருக்கு அது சரி. வரி கட்டுபவருக்கு அல்ல. 30 சதவீத அடுக்கில் 7 சதவீத வைப்பை வைத்தால் இடைவெளி 3.1 என்று கண்டோம்; 6 சதவீத வைப்பை வைத்தால் கடன் 7, வரிக்குப் பின் வைப்பு 4.2, இடைவெளி 2.8. குறைந்த விகிதத்தில் இருக்கும் வைப்பை ஈடு வைப்பதே மலிவு. தேவை வருமுன்னரே பணத்தைப் பிரித்துப் போட்டிருப்பவருக்கு இந்தத் தேர்வு கிடைக்கிறது. ஐந்து லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் ஒவ்வொரு லட்சமாக ஐந்து ரசீதாகப் போட்டிருந்தால், இரண்டாம் கணக்கில் வந்தவர் போன்றவர்கள் தேவையான அளவுக்கு மட்டும் உடைத்துக்கொண்டு, மீதியைத் தொடாமல் விடலாம்.

எங்கே தவறுகிறது

மிகவும் கவனிக்க வேண்டியது, மாதந்தோறும் அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியைக் கையில் வாங்கும் வைப்பு. வட்டி அசலோடு சேரும் வைப்பில், கடன் வளரும்போது ஈடும் கூடவே வளர்கிறது. 90 சதவீதம் கடன் வாங்கி ஒரு ரூபாயும் கட்டாமல் விட்டாலும், வரிப்பிடித்தம் நீங்கலாகப் பார்த்தால், கடன் வைப்பை எட்டிப் பிடிக்க ஏறக்குறைய பத்தாண்டு ஆகும். வட்டி வெளியே போய்விடும் வைப்பில் ஈடு வளர்வதில்லை. அங்கே 8 சதவீதத்தில் 90,000 ரூபாய் கடன், பதினாறு மாதத்துக்குள் ஒரு லட்ச ரூபாய் வைப்பை எட்டிவிடும். அதற்கு முன்பே வங்கி கடிதம் அனுப்பும். பதில் இல்லையென்றால் வைப்பை முடித்துக் கடனை நேர் செய்யும். அப்போது வைப்பாளர் கடன் வட்டியையும் கட்டி, உடைப்பு அபராதத்தையும் சுமக்கிறார். இரண்டு வழிகளின் நட்டமும் ஒருவருக்கே சேர்கிறது. இத்தகைய வைப்பின் மேல் கடன் வாங்கியவர், வைப்பு வட்டி சேமிப்புக் கணக்குக்குப் போகாமல் கடன் கணக்குக்கே போகும்படி எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது வரிப்பிடித்தம். வைப்பு ஈட்டில் இருந்தாலும் டி.டி.எஸ். நிற்காது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால், மூத்த குடிமக்களுக்கு 1,00,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீதம் பிடிக்கப்படும். அந்தப் பணம் வைப்பிலிருந்தே கழிக்கப்பட்டால் முதிர்வுத் தொகை குறையும். விளிம்பு வரை கடன் வாங்கியவர் முதிர்வில் கைக்கு வரும் தொகையைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, கடன் அனுமதிக் கடிதத்தில் உள்ள ஒரு வரி. கூடுதல் விகிதம் 'வைப்பின் ஒப்பந்த விகிதத்துக்கு மேல்' என்று எழுதியிருக்கிறதா, கடனின் காலம் வைப்பின் முதிர்வு நாளைத் தாண்டாமல் இருக்கிறதா, புதுப்பித்தால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். தவணை தவறினால் அபராத வட்டி என்று கூடுதல் விகிதம் எழுதியிருந்தால் கேட்கலாம்: 2024 முதல் அபராதத்தை வட்டியாக ஏற்றாமல், அசலோடு சேர்த்து வட்டி போடாத தனிக் கட்டணமாகத்தான் வாங்க வேண்டும்.

வங்கி நொடித்துப்போனால் என்ன என்ற அச்சத்துக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. வைப்புக் காப்பீட்டின் 5,00,000 ரூபாய் உச்சவரம்பு, வங்கிக்கு நீங்கள் தர வேண்டிய கடனைக் கழித்த பிறகான தொகைக்கே பொருந்தும். எட்டு லட்சம் வைப்பும் மூன்று லட்சம் கடனும் உள்ளவரின் நிகரத் தொகை ஐந்து லட்சம். அது முழுவதும் காப்பீட்டுக்குள் வந்துவிடுகிறது.

கடைசியாக, கடனை அடைத்த நாளில் செய்ய வேண்டிய வேலை. கடன் கணக்கில் பூஜ்யம் வந்தவுடன் லீன் தானாக நீங்கிவிடும் என்று எண்ணுகிறோம். ஓவர்டிராஃப்ட் கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுக்காத வரை வரம்பும் லீனும் நிற்கும் வங்கிகள் உண்டு. இணையப் பக்கத்தில் வைப்பின் விவரத்தைத் திறந்தால் லீன் தொகை என்ற வரி இருக்கும். அதில் பூஜ்யத்தைப் பார்த்து, டிஸ்சார்ஜ் செய்து கொடுத்த காகித ரசீது இருந்தால் கையெழுத்து ரத்தான குறிப்போடு அதைத் திரும்ப வாங்கிய பிறகே அந்தக் கடன் முடிந்தது.